ஏழு மேப்பின் சராசரி எந்த மேடையிலும் ஆடுவதில்லை

கவுன்டர் ஸ்ட்ரைக் இறுதிப் போட்டிகளைப் பற்றி அண்மையில் வந்த ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, அந்தக் கோபத்தை அடக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. கட்டுரையாளர் சொல்வது இதுதான்: ஒரு அணிக்கு ஏழு மேப்பிலும் உள்ள வெற்றி வாய்ப்பைக் கூட்டி ஏழால் வகுத்துக்கொள்ளுங்கள், வரும் எண்ணைச் சூத்திரத்தில் போடுங்கள், பெஸ்ட் ஆஃப் த்ரீ, பெஸ்ட் ஆஃப் ஃபைவ் இரண்டின் விடையும் கிடைத்துவிடும். வீட்டோ பற்றிப் பேசுவதெல்லாம் "வர்ணனையாளர்களின் மூடநம்பிக்கை". ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆகவே இறுதிப் போட்டியை ஐந்து மேப் ஆக்கினால், வலுவான அணிக்கு மூன்றரை சதவீதப் புள்ளி இனாமாகக் கிடைக்கிறது.

முதலில், அவர் சரியாகச் சொன்னதைச் சரி என்றே சொல்லிவிடுகிறேன். எல்லா மேப்பிலும் வாய்ப்பு ஒன்றே, ஒரு மேப்பின் முடிவு அடுத்ததைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இது:

```
Bo3 = p²(3 − 2p)
Bo5 = p³(10 − 15p + 6p²)
```

p = 0.60 என்றால் பெஸ்ட் ஆஃப் த்ரீயில் 64.8 சதவீதம், பெஸ்ட் ஆஃப் ஃபைவில் 68.3 சதவீதம். பெருக்கலில் பிழை இல்லை. மேப்புக்கு மேப் வாய்ப்பு மாறினாலும் பெரிய சேதம் இல்லை என்பதும் உண்மை. ஆடப்போகும் மூன்று மேப்பில் வாய்ப்பு 80, 40, 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வேண்டிய சூத்திரம்:

```
Bo3 = ab + bc + ca − 2abc
```

விடை 65.6 சதவீதம். மூன்றிலும் 60 என்று வைத்தால் வந்தது 64.8. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. எந்த மேப் முதலில் வருகிறது என்பதும் தொடரின் வெற்றி வாய்ப்பை மாற்றாது. a, b, c மூன்றையும் எப்படி இடம் மாற்றினாலும் சூத்திரம் அதே விடையைத்தான் தரும். இதுவரை கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடுத்த அடியில் தொடங்குகிறது. ஆடப்படும் மூன்று மேப்பின் சராசரியைப் பற்றிய இந்த உண்மையை எடுத்து, ஏழு மேப்பின் சராசரிக்கும் அதே பொருந்தும் என்று அவர் எழுதிவிட்டார். ஏழு மேப்பையும் யாரும் ஆடுவதில்லை. பெஸ்ட் ஆஃப் த்ரீயில் ஆளுக்கொரு மேப்பை பேன் செய்வார்கள், பிறகு ஆளுக்கொன்றை பிக் செய்வார்கள், மீண்டும் ஆளுக்கொன்றை பேன் செய்வார்கள். மிஞ்சும் ஒன்று டிசைடர். இந்த நான்கு பேனும் குருட்டுத்தனமாக விழுவதில்லை. ஒவ்வொரு அணியும் தனக்கு எது வலிக்கும் என்று பார்த்துத்தான் வெட்டுகிறது.

ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 2025 இறுதியில் புழக்கத்தில் இருந்த ஏழு மேப்பையே எடுத்துக்கொள்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு குறிப்பிட்ட எதிரணிக்கு எதிராக நம் அணியின் வாய்ப்பு நியூக்கில் 90, மிராஜில் 60, இன்ஃபெர்னோவில் 57, ஏன்ஷியன்டில் 56, டஸ்ட் 2இல் 54, ஓவர்பாஸில் 52, ட்ரெய்னில் 51. கூட்டினால் 420, சராசரி சரியாக 60. கட்டுரையாளரின் வழியில் பெஸ்ட் ஆஃப் த்ரீ விடை 64.8.

இப்போது வீட்டோ. எதிரணி முதல் வேலையாக நியூக்கை வெட்டும். நம் அணி ட்ரெய்னை வெட்டும். நம் பிக் மிராஜ், அவர்கள் பிக் ஓவர்பாஸ். மிஞ்சிய மூன்றில் நாம் டஸ்ட் 2ஐ வெட்டுவோம், அவர்கள் இன்ஃபெர்னோவை வெட்டுவார்கள். டிசைடர் ஏன்ஷியன்ட். மேடையேறும் மேப்புகளில் நம் வாய்ப்பு 60, 52, 56. சூத்திரத்தில் போட்டால் 59.0 சதவீதம். கட்டுரையாளரின் எண்ணுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஆறு புள்ளி இடைவெளி. அவர் "இனாம்" என்று கொண்டாடிய மூன்றரைப் புள்ளியைவிட அவருடைய பிழை பெரியது.

பெஸ்ட் ஆஃப் ஃபைவுக்குப் போனால் இந்த ஓட்டை அடைபடுமா? அடைபடாது. அங்கே ஆளுக்கொரு பேன் மட்டுமே. பிறகு மாறி மாறி நான்கு பிக், கடைசியில் மிஞ்சுவது ஐந்தாவது மேப். அந்த ஒரே பேனில் நியூக் போய்விடும். மிஞ்சும் ஐந்தின் சராசரி 55.8, தொடர் வாய்ப்பு ஏறக்குறைய 60.8 சதவீதம். அவர் சொன்னது 68.3.

எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கும். வேறொரு அணிக்கு 75, 70, 66, 62, 58, 54, 35 என்று இருக்கட்டும். இதன் சராசரியும் 60தான். ஆனால் இந்த அணி 35 உள்ள மேப்பைத் தன் முதல் பேனில் தூக்கி எறிந்துவிடும். வீட்டோ முடிந்து மிஞ்சுவது 70, 54, 62. தொடர் வாய்ப்பு 67.8 சதவீதம். சராசரி ஒன்றேயான இரண்டு அணிகள். ஒன்றுக்கு 59, மற்றதற்கு 68. இரண்டுக்கும் 64.8 என்று ஒரே முத்திரையைக் குத்திவிட்டு, வீட்டோவைப் பார்ப்பவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஏசுவது பொறுப்பற்ற எழுத்து. 2018-19இல் அஸ்ட்ராலிஸ் அணி நேரடி அரங்கப் போட்டிகளில் நியூக் மேப்பில் தொடர்ந்து 31 ஆட்டங்களை வென்றது. அப்படிப்பட்ட ஒரு மேப் ஒரு அணியின் சராசரியை எவ்வளவு உயர்த்தும், ஒரே ஒரு பேன் அதை எவ்வளவு இறக்கும் என்று இந்தத் துறையைப் பற்றி எழுத வருபவர் யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு அவர் முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருக்கிறார்: மேப் வாரியான எண்கள் பத்து, பன்னிரண்டு ஆட்டங்களிலிருந்து வருபவை, நம்பத் தகுந்தவை அல்ல. அவருடைய கட்டுரையில் மதிக்கத்தக்க ஒரே வாதம் இது. ஆனால் எண் சிறியது என்றால் அதை மொத்த நிலவரத்தை நோக்கிக் கொஞ்சம் இழுத்துக்கொள்ள வேண்டும். தூக்கி எறியக் கூடாது. ஒரு மேப்பில் 10 ஆட்டத்தில் 7 வெற்றி, அணியின் மொத்த நிலவரம் 60 சதவீதம் என்றால், மொத்த நிலவரப்படி ஆடிய 10 ஆட்டங்களை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். 20இல் 13, அதாவது 65 சதவீதம். எத்தனை ஆட்டங்களைச் சேர்ப்பது என்பதைப் பழைய தொடர்களில் சோதித்து முடிவு செய்யலாம். சிறிய எண்ணைக் கண்டு அஞ்சி எல்லா மேப்புக்கும் ஒரே எண்ணை வைப்பவர், எல்லா மேப்பும் சமம் என்ற இன்னும் பெரிய கூற்றை எந்தச் சான்றும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. ஐந்து மேப் ஆடினால் வலுவான அணிக்கு வாய்ப்பு கூடும் என்பது, எது வலுவான அணி என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே முழுமையாகப் பலிக்கும். நம்முடைய 60 எப்படிப்பட்ட 60? மாற்று வீரர் ஒருவர் ஆடுகிறார், எதிரணி ஒரு மாதப் புதிய தயாரிப்போடு வந்திருக்கிறது. அன்று நம் வாய்ப்பு ஒவ்வொரு மேப்பிலும் 80ஆக இருக்கலாம், அல்லது 40ஆக இருக்கலாம். இரண்டுக்கும் சம சாத்தியம். ஒரு மேப்புக்கு மட்டும் பந்தயம் என்றால் நம் எண் 60தான். பெஸ்ட் ஆஃப் த்ரீக்கு 80ஐப் போட்டால் 89.6, 40ஐப் போட்டால் 35.2; நடுவே 62.4. பெஸ்ட் ஆஃப் ஃபைவுக்கு 94.2, 31.7, நடுவே 63.0. மூன்று மேப்பிலிருந்து ஐந்துக்குப் போனதில் கிடைத்தது அரைப் புள்ளியைக் கொஞ்சம் தாண்டிய லாபம் மட்டுமே. நீண்ட தொடர் அன்றைய வலுவான அணியைத்தான் வெல்ல வைக்கும். அந்த அணி எது என்ற நம் அறியாமையை அது தீர்க்காது.

80, 40 என்பது கடுமையான எடுத்துக்காட்டு என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். 70, 50 என்று மென்மையாகவே வைத்துக்கொள்ளுங்கள். 64.2, 66.8 என்று வரும். மூன்றரையாக இருந்த லாபம் இரண்டரை அளவுக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு மேப்பும் தனித்தனி நாணயச் சுண்டல் என்று வைத்துக்கொண்டவருக்கு இந்த இறக்கம் கண்ணில் படவே வழியில்லை.

தன் அனுமானம் சரிதானா என்று சோதிக்க ஒரு எளிய வழி அவர் கையருகே இருந்தது. தொடர்களில் எத்தனை மூன்றாவது மேப்புக்குப் போகின்றன என்று எண்ணியிருக்கலாம். எல்லா மேப்பிலும் நிலையான 60 என்றால் 48 சதவீதத் தொடர்கள் டிசைடர் வரை போக வேண்டும். 80, 40 என்று நாளுக்கு நாள் மாறினால் அது 40ஆகக் குறையும். 2-0 முடிவுகள் பெருகும். அணிகள் தத்தம் பிக்கில் வலுவாக இருந்தால் எதிர்மாறாக நடக்கும்: நம் பிக்கில் 80, அவர்கள் பிக்கில் 40 என்றால் 56 சதவீதம் டிசைடருக்குப் போகும். எல்லா மேப்புக்கும் நிலையான ஒரே p வைத்தால் இந்த எண் 50ஐத் தாண்டவே முடியாது. ஆகவே 50க்கு மேல் வந்தால் ஒற்றை எண் மாதிரி பொய்த்துவிட்டது என்று பொருள். 48ஐ ஒட்டி வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது, இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் முதல் இரண்டு மேப்பையும் யார் பிக் என்று பிரித்து எண்ண வேண்டும். கட்டுரையாளர் எதையும் எண்ணவில்லை.

அவர் காட்டிய ஒரே சான்று புடாபெஸ்ட். 2025 ஜூனில் ஆஸ்டின் மேஜர் இறுதியில் வைட்டாலிட்டி, மங்கோல்ஸ் அணியை மூன்று மேப் தொடரில் 2-1 என்று வென்றது. டிசம்பரில் புடாபெஸ்ட் மேஜர் இறுதி ஐந்து மேப் ஆனது. அதில் வைட்டாலிட்டி, ஃபேஸ் அணியை 3-1 என்று வென்றது. "வடிவம் மாறியது, வலுவான அணி வென்றது, சூத்திரம் வென்றது" என்று எழுதுகிறார். 60.8 என்று கணித்தவருக்கும் 68.3 என்று கணித்தவருக்கும் அந்த ஒரு வெற்றி ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பொருந்தும். இந்த இரண்டு எண்ணையும் பிரித்துக் காட்டவே சில நூறு தொடர்கள் வேண்டும். ஒரு கோப்பையைக் காட்டி ஒரு சூத்திரத்தை நிரூபிக்க முடியாது.

ஒரு மேப் வாய்ப்பைத் தொடர் வாய்ப்பாக மாற்ற விரும்புகிறவர் இந்த வரிசையில் போகட்டும். ஏழு மேப்புக்கும் தனித்தனியே, இந்த எதிரணிக்கு எதிராக, மொத்த நிலவரத்தை நோக்கி இழுத்த எண்களை எழுதுங்கள். இரண்டு அணிகளுக்காகவும் நீங்களே வீட்டோ ஆடிப் பாருங்கள். மிஞ்சும் மேப்புகளைச் சூத்திரத்தில் போடுங்கள். பிறகு உங்கள் எண்கள் எல்லாமே ஒருசேர உயர்ந்தும் ஒருசேர இறங்கியும் இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு முறை போட்டு நடுவே எடுங்கள். காகிதத்தில் கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாதவருக்கு, செலவிட்டவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று அழைக்கும் உரிமை இல்லை. அடுத்த இறுதிப் போட்டிக்கு முன் அவர் தன் ஏழு எண்களையும், எந்த மேப்பை யார் வெட்டுவார் என்ற தன் கணிப்பையும் வெளியிடட்டும். முதல் இரண்டு பேன் விழுந்ததுமே அவருடைய 60 உயிரோடு இருக்கிறதா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.