எம்.பி.ஏ. படிக்க எவ்வளவு ஆகும்? ஃபீஸ் ரசீதில் வராத செலவு

மதுரையில் பி.காம். முடித்த மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கோவையில் எம்.பி.ஏ. சீட்டும் கிடைத்திருக்கிறது. "ரெண்டு வருஷம்தானே, படிச்சிடட்டும்" என்கிறார் அப்பா. "கைக்கு வந்த வேலையை ஏன் விடணும்?" என்பது அம்மாவின் கேள்வி.

வீட்டில் போட்ட கணக்கு இது: ஃபீஸ் 4 லட்சம். ஹாஸ்டல், சாப்பாடு மாதம் 8,000 வீதம் 24 மாதத்துக்கு 1,92,000. மொத்தம் 5,92,000 ரூபாய்.

இந்தக் கணக்கில், வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் இல்லை. அதற்கு யாரும் பில் தருவதில்லை என்பதால் அது கண்ணில் படுவதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைநழுவும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பைத்தான் பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்கிறார்கள். விட்டுப்போன எல்லா வாய்ப்புகளையும் இதில் கூட்டக் கூடாது. மூன்று வேலை கிடைத்தாலும் ஒன்றில்தானே சேர முடியும்?

அதற்காக மொத்தச் சம்பளத்தையும் அப்படியே சேர்த்தால் அதுவும் தப்பு. சென்னையில் வேலை பார்த்தாலும் வாடகை, சாப்பாட்டுக்கு மாதம் 10,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 15,000. இரண்டு வருடத்தில் 3,60,000 ரூபாய் கையில் இருக்கும். படித்தால் கையிலிருந்து 5,92,000 போயிருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 9,52,000. படிப்பின் உண்மையான விலை இதுதான்.

அடுத்த தவறு, படிப்பால் வரும் லாபத்தைக் கணக்கிடுவதில் நடக்கிறது. எம்.பி.ஏ. முடித்ததும் 40,000 சம்பளம் கிடைத்தால், "15,000 கூடுதல்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால், வேலையில் இருந்திருந்தால் அதே இரண்டு வருடத்தில் சம்பளம் 30,000 ஆகியிருக்கலாம். அப்படியானால் உண்மையான கூடுதல் 10,000தான். 9,52,000 ரூபாயை மீட்க ஏறக்குறைய 8 வருடம் ஆகும். 50,000 சம்பளம் கிடைத்தால் 4 வருடம் போதும். கல்விக் கடன் வட்டி இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

இதனால்தான் கல்லூரியின் 'அதிகபட்ச பேக்கேஜ்' விளம்பரத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன சம்பளம் கிடைத்தது என்று, போன வருடம் படித்து முடித்தவர்களிடமே கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்தே போட்டித் தேர்வுக்குப் படிப்பதற்கும் இதே கணக்கு பொருந்தும். "செலவே இல்லையே" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரு வருடச் சம்பளம் கழிகிறது.

படிப்பைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது, உண்மைதான். பிடித்த துறைக்குள் நுழைய அந்தப் பட்டம் கட்டாயம் என்றால், 8 வருடம் காத்திருப்பதும் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த மாணவி எடைபோட வேண்டியது 5,92,000 ரூபாயை அல்ல, 9,52,000 ரூபாயை. அதைத் தெரிந்துகொண்டு "படிக்கிறேன்" என்று சொன்னால், அது அவர் யோசித்து எடுத்த முடிவு.