கேற்றில் தொங்கும் தாளைப் பற்றி ஒரு திறந்த மடல்

வன்னிப் பெருநிலத்தின் பிரதேச செயலகங்களுக்குப் பொறுப்பான செயலாளர் அவர்களுக்கு,

தைப்பொங்கல் விடுமுறைக்கான அறிவித்தலைத் தட்டச்சுக்குக் கொடுக்குமுன் இந்த மடலை ஒருமுறை வாசித்துவிடுங்கள். விடுமுறை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் உங்கள் உத்தியோகத்தர்கள் ஊருக்குப் போய்ப் பெற்றோர் பிள்ளைகளோடு பொங்கட்டும். அதில் எமக்கு மனக்குறை எதுவும் இல்லை. எமது முறைப்பாடு, அவர்கள் போன பிறகு கேற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைத் தாளைப் பற்றியது.

அந்தத் தாளில் வழமையாக மூன்று வசனம் இருக்கும். பண்டிகையை முன்னிட்டு அலுவலகம் மூடப்பட்டிருக்கும் என்பது ஒன்று. இத்தனையாம் திகதி மீண்டும் திறக்கப்படும் என்பது அடுத்தது. அவசரத் தேவைகளுக்கு அலுவலகத் தொலைபேசியுடன் தொடர்புகொள்ளவும் என்பது மூன்றாவது. முதல் வசனத்தைப் பூட்டே சொல்லிவிடுகிறது. மற்ற இரண்டுக்காகத்தான் சனம் அந்தத் தாளை வாசிக்கிறது. சறுக்குவதும் அந்த இரண்டிலும்தான்.

திறக்கும் திகதியை முதலில் பார்ப்போம். 2025 ஏப்ரலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 12ஆம் திகதி சனிக்கிழமை பௌர்ணமி. 13 ஞாயிறு, புத்தாண்டுக்கு முந்திய நாள். 14 திங்கள் புத்தாண்டு. நாட்காட்டியை மட்டும் பார்த்து அறிவித்தல் எழுதினால் 15 செவ்வாய்க்கிழமை திறக்க வேண்டும். ஆனால் அந்த 15ஆம் திகதியை அரசாங்கம் விசேட விடுமுறையாக அறிவித்தது. பிறகு 16 புதன், 17 வியாழன் என்று இரண்டே இரண்டு வேலைநாள். 18 பெரிய வெள்ளி, 19 சனி, 20 உயிர்த்த ஞாயிறு. ஆக 12ஆம் திகதியிலிருந்து 20 வரையான ஒன்பது நாளில் கந்தோர் இருந்தது இரண்டு நாள்.

இதை வவுனியா வடக்கில் ஒரு மூலைக் கிராமத்தில் இருந்துகொண்டு யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பண்டிகைக்கு வந்த மகன் 19ஆம் திகதி விமானம் ஏறவேண்டும், போகுமுன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய தாளை நம்பி 15ஆம் திகதி தாயார் நெடுங்கேணிக்கு வருகிறார். பூட்டு. ‘நாளைக்கு வாங்கோ அம்மா’ என்று காவலாளி சொல்கிறார். 16ஆம் திகதி வந்தால், நாலு நாள் மூடிக்கிடந்த கந்தோருக்கு வரும் கூட்டம் முழுவதும் வரிசையில் நிற்கிறது. கையொப்பமிட வேண்டிய அலுவலர் லீவை நீட்டி எடுத்திருக்கிறார். பிழைத்தால் 17 ஒன்றுதான் மிச்சம். அதற்கப்பால் 21 திங்கள். மகன் அதற்குள் போய்விடுவான்.

ஆகவே ‘மீண்டும் திறக்கப்படும்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திகதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதுங்கள்: ஏப்ரல் 16, புதன்கிழமை, காலை 8.30. அடுத்த அடைப்பு கிட்ட இருந்தால் அதையும் அதே தாளில் சொல்லுங்கள். லீவில் நிற்கும் அலுவலருக்குப் பதில் கையொப்பம் இடுபவர் யார் என்பதைத் திறக்கும் நாளுக்கு முன்பே முடிவுசெய்து விடுங்கள். கடைசி வேலைநாளில் சிறாப்பர் எத்தனை மணிவரை காசு எடுப்பார் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். கந்தோர் 4.15 வரை திறந்திருந்தாலும் கணக்கை முடிக்கச் சிறாப்பர் அதற்கு முன்பே சாளரத்தை மூடிவிடுவார். மூன்றரைக்கு ஓடிவந்து நிற்பவருக்கு இது தெரியாது.

இதில் சட்டமும் இருக்கிறது என்பதை நீங்கள் எம்மைவிட நன்றாக அறிவீர்கள். வரிசையில் நிற்பவர்தான் அறியார். எமது பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, சட்டம் ஒன்று வைத்த கால எல்லையின் கடைசி நாளில் அந்த நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் அந்தக் காரியத்தைச் செய்தாலும் அது உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். மேன்முறையீடு ஒன்றின் கடைசி நாள் 14ஆம் திகதி என்றால் 16ஆம் திகதி கொடுத்தாலும் செல்லும். ஆனால் இது எழுத்துச் சட்டம் வைத்த தவணைக்குத்தான். சுற்றறிக்கையிலோ ஒரு திட்டத்தின் விண்ணப்பப் படிவத்திலோ போட்ட ‘இறுதித் திகதி’க்கு இந்தச் சலுகை தானாக வந்து சேராது. அப்படியான இறுதித் திகதி விடுமுறைக்குள் விழுந்தால், அது நீட்டப்படுகிறதா இல்லையா என்பதை நீங்கள்தான் தாளில் எழுதவேண்டும். எழுதாத இடத்தில் முகப்பில் இருக்கும் எழுதுவினைஞர் தன் மனநிலைக்கு ஏற்ப முடிவெடுப்பார்.

இனி அவசரத் தொடர்பு. வன்னியில் பண்டிகைகள் எந்தக் காலத்தில் வருகின்றன என்று பாருங்கள். தீபாவளி வருவது மாரி தொடங்கும் வேளையில். நத்தார் வரும்போது குளங்கள் நிரம்பி வான் பாயும். பொங்கலுக்குக் காலபோக நெல் முற்றி நிற்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் யானையும் அதே நேரம் வயலுக்கு இறங்கும். கொழும்பிலே ஒரு கந்தோர் மூன்று நாள் பூட்டினால் கடிதங்கள் குவியும். இங்கே அந்த மூன்று நாளுக்குள் ஊர் தண்ணீரில் நிற்கலாம்.

நின்றதும் உண்டு. 2018 டிசம்பர் 21 வெள்ளிக்கிழமை. மாலை கந்தோர்கள் மூடின. அடுத்த நாள் சனிக்கிழமை, அதுவும் பௌர்ணமி. அதற்கடுத்தது ஞாயிறு. செவ்வாய் நத்தார். அந்த வெள்ளி இரவில்தான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மழை கொட்டியது. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்றுப் படுக்கையிலும் கண்டாவளை, பரந்தன் பக்கத்துத் தாழ்நிலங்களிலும் வெள்ளம் ஏறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் போய்த் தங்கின. கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி பின்னர் எழுந்து விசாரணையும் நடந்தது. அந்த வழக்கை இங்கே மீண்டும் எடுக்க நாம் விரும்பவில்லை. அன்றிரவு பல உத்தியோகத்தர்கள் விடுமுறையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. எமது கேள்வி சின்னது. அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில், முற்றத்தில் தண்ணீர் ஏறுவதைக் கண்ட ஒருவர், ‘இன்னும் எத்தனை கதவு திறக்கப் போகிறீர்கள், நாங்கள் எழும்பிப் போகவேண்டுமா?’ என்று கேட்க எந்த இலக்கத்துக்கு எடுப்பது?

பூட்டிய அறைக்குள் இருக்கும் மேசைத் தொலைபேசிக்கு எடுத்தால் அது அடித்து அடித்து ஓயும். சில அறிவித்தல்களில் உத்தியோகத்தர் ஒருவரின் சொந்தக் கைபேசி இலக்கம் இருக்கும். அவர் மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது ஊரில் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் நிற்பார். எடுத்தாலும், முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவசர இலக்கம் என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு மூன்று காரியம் முடியவேண்டும்: போனை எடுக்க, நிலைமையைச் சொல்ல, ஒருவரை அனுப்ப அல்லது அனுப்பச் சொல்ல. இம்மூன்றும் இயலாத இலக்கத்தை எழுதாமல் விடுவது மேல். ஆளை நம்பிப் பொன்னான அரைமணி நேரத்தை அதிலே தொலைக்காமல் சனம் வேறு வழி பார்க்கும்.

எது அவசரம் என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. நோயாளரை ஏற்ற சுவசெரிய அம்புலன்சின் 1990. பொலிசுக்கு 119. இவை நாடு முழுவதற்கும் பொதுவானவை, விடுமுறை பார்க்காதவை. தாளில் எழுத ஒரு வரி போதும். ஆனால் இவற்றால் தீராத அவசரங்களும் உண்டு. வீட்டில் ஒரு முதியவர் இயற்கையாக இறந்துவிட்டால் மரணத்தைப் பதியக் கிராம அலுவலரின் அறிக்கை தேவை. பாம்பு கடித்தோ யானை அடித்தோ இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேண்டும். அவர் வரும்வரை உடலை அடக்கமோ தகனமோ செய்ய முடியாது. புத்தாண்டு அன்று விதானையாரும் ஊரில் இல்லை, பதில் கடமைக்கு யார் என்று எவருக்கும் தெரியவில்லை என்றால் உடலை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? அயல் பிரிவின் கிராம அலுவலர்தான் பதில் கடமை என்றால் அந்தப் பட்டியல் உங்கள் அலுவலகத்திலேயே கிடக்கிறது. அதைத் தாளின் கீழ்ப்பாதியில் போடுங்கள்.

2025 ஏப்ரலின் தாளை இப்படி எழுதியிருக்கலாம் என்பது எமது எண்ணம்:

“புத்தாண்டை முன்னிட்டு இவ்வலுவலகம் ஏப்ரல் 12 சனி முதல் 15 செவ்வாய் வரை மூடப்பட்டிருக்கும். (15ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த விசேட விடுமுறை.) ஏப்ரல் 16 புதன் காலை 8.30க்குத் திறக்கப்படும். ஏப்ரல் 18 பெரிய வெள்ளி. அன்று முதல் 20 ஞாயிறு வரை மீண்டும் மூடப்படும். அடுத்து 21 திங்கள் திறக்கும். ஏப்ரல் 11 வெள்ளி பணம் செலுத்தும் சாளரம் பி.ப. 3 மணி வரை மட்டும். இவ்வலுவலகம் ஏப்ரல் 12 முதல் 15 வரையான நாட்களை இறுதித் திகதியாக வைத்த விண்ணப்பங்கள் 16ஆம் திகதியும் ஏற்கப்படும். விடுமுறை நாட்களில் இரவு பகலாகக் கடமையில் இருப்பவர்: கடமைநேர அலுவலர், அலுவலகக் கைபேசி இலக்கம் (இலக்கம்). மரணங்கள் தொடர்பாக: பதில் கடமைக் கிராம அலுவலர்களின் பட்டியல் கீழே. வெள்ளம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.”

ஆளின் பெயர் இதில் இல்லை. பதவியும் அலுவலகச் சிம்மும்தான் இருக்கின்றன. கடமை மாறும்போது கைபேசி கைமாறும், இலக்கம் மாறாது. அலுவலகப் பணத்தில் ஒரு சாதாரணக் கைபேசி, பண்டிகைக்கு முதல் நாள் முழுக்கச் சார்ஜ் போட்டு, ரீலோட்டும் போட்டுக் கையளித்தால் காரியம் முடிந்தது. வெளியே தொங்கவிடுமுன் யாராவது ஒருவர் தன் சொந்தப் போனிலிருந்து அந்த இலக்கத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும். ஓர் இலக்கம் பிழையாகத் தட்டச்சாகிப் பண்டிகை முழுவதும் அப்படியே தொங்குவது நடக்காத காரியமல்ல.

எங்கே தொங்கவிடுவது என்பதும் இருக்கிறது. பல இடங்களில் தாள் விறாந்தைக்குள் அறிவித்தல் பலகையில் இருக்கும், கேற்று பூட்டியிருக்கும். வீதியில் நின்று கழுத்தை நீட்டினாலும் எழுத்துத் தெரியாது. கேற்றிலேயே கட்டுங்கள், பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, உறையின் வாய் கீழே பார்க்கும்படி. மேலே பார்த்தால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் இறங்கி மை ஊறிவிடும். அதிலும் இங்க்ஜெற் அச்சு என்றால் முதலில் கரைவது தொலைபேசி இலக்கம்தான். இன்னும் இரண்டு பிரதிகளைப் பஸ் நிலையத்திலும் தபாற்கந்தோர் வாசலிலும் ஒட்டினால், ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் காசு செலவழித்துப் புறப்படும் ஒருவர் பாதி வழியிலேயே திரும்பிவிடலாம். கிராம அலுவலரிடம் ஒரு பிரதி போனால் புறப்படாமலே இருந்துவிடலாம். விசேட விடுமுறை பிந்தி அறிவிக்கப்பட்டால் எல்லாப் பிரதிகளையும் மாற்றவேண்டும் என்பதால், எத்தனை பிரதி எங்கெங்கே ஒட்டினோம் என்று கோவையில் ஒரு வரி குறித்து வையுங்கள்.

பொங்கல் முடிந்து கந்தோர் திறக்கிற காலை, முதலாவது ஆளாக வருபவர் அந்தத் தாளைக் கழற்றிவிடட்டும். சித்திரையிலும் மார்கழி மாதத் தாள் கேற்றில் கிடப்பதைக் காண்கிறோம். அவசரத்தில் நிற்பவர் மேலே உள்ள திகதியைப் பார்க்கமாட்டார், கீழே உள்ள இலக்கத்துக்குத்தான் அடிப்பார்.

இங்ஙனம்,
ஆசிரியர் குழு