40க்கு 26 சரி என்றால் கெட்டிக்காரரா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு தம்பி போன கிழமை போனைக் காட்டினான். டெலிகிராமில் ஐபிஎல் 'டிப்ஸ்' தரும் ஒருவர், மாதம் 3,000 ரூபா. "சேர், 40 மெச்சில 26 சரி. 65 வீதம்!" சூது ஹராம் என்பது அவனுக்கும் தெரியும், ஜும்ஆவில் கேட்காத பேச்சா? நான் கணக்கு வாத்தியார், கணக்கை மட்டும் பேசுகிறேன்.

எத்தனை சரி என்பதை விட, என்ன விலைக்குச் சரி என்பதுதான் கேள்வி. அந்த ஆள் குரூப்பில் போடும் விலை 1.65. அதாவது ஆயிரம் கட்டி வென்றால் 1,650 திரும்பி வரும். 26 வெற்றிக்கு 42,900. கட்டியது 40,000. லாபம் 2,900.

தம்பியின் ஆப்பைத் திறந்து அவன் உண்மையில் கட்டிய விலைகளைக் கூட்டிப் பார்த்தோம். சராசரி 1.50. செய்தி வந்து எல்லோரும் ஓடிப்போய்க் கட்டுவதற்குள் விலை இறங்கிவிடுகிறது. அதே 26 வெற்றிக்கு அவனுக்கு வந்தது 39,000. ஆயிரம் நட்டம், இரண்டு மாதச் சந்தா 6,000 வேறு. டிப்ஸ்காரரின் கணக்கில் லாபம், இவன் பொக்கட்டில் 7,000 குறைவு. இரண்டும் ஒரே 26தான்.

சரி, 1.65 கிடைத்தது என்றே வைப்போம். அந்த விலையில் கைக்காசு தப்ப 40க்கு சுமார் 24 வெல்ல வேண்டும். அவர் இரண்டுதான் கூட. ஆனால் 40 ஆட்டத்தில் வெறும் தற்செயலே மூன்று கூட்டும், மூன்று குறைக்கும். ஒன்றும் தெரியாமல் பலமான அணியைச் சொல்பவருக்கும் 26 வரும். நியாயமாகச் சொன்னால், அவருக்குத் திறமை இல்லை என்றும் இது நிரூபிக்காது. 65 வீதம் அதிர்ஷ்டமா அறிவா என்று ஓரளவு நம்பிப் பிரிக்க 500 ஆட்டமாவது வேண்டும். ஐபிஎல் ஒரு சீசனில் 74 ஆட்டம். ஏறக்குறைய ஏழு வருடம்!

இன்னொன்று. 2008இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் டெரன் பிரவுன் ஒரு பெண்ணுக்கு ஐந்து குதிரைப் பந்தயங்களைத் தொடர்ந்து சரியாகச் சொன்னார். பிறகு அவரே உடைத்தார்: ஆரம்பத்தில் 7,776 பேருக்கு வெவ்வேறு குதிரைகளை அனுப்பியிருந்தார். தோற்றவர்களை ஒவ்வொரு பந்தயத்திலும் விட்டுவிட, மிஞ்சியவர் அந்தப் பெண். 'முதல் மூன்று டிப்ஸ் இலவசம்' என்பவர்கள் எத்தனை குரூப் நடத்துகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆட்டம் தொடங்குமுன் போட்ட எல்லா டிப்ஸையும், நேரத்தோடும் அப்போதிருந்த விலையோடும், தோற்றவை உட்படக் கேள் என்றேன். கேட்டிருக்கிறான். மறுநாள் காலை குரூப்பிலிருந்து அவனைத் தூக்கிவிட்டார்கள்.