வாக்குத்தத்த அட்டையில் இல்லாத எழுபது வருஷம்

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கமும் உண்டு. எரேமியா 29:11 வந்துவிட்டால் வீட்டில் ஒரே சந்தோஷம். இந்த வருஷம் பையனுக்கு வேலை நிச்சயம் என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வசனம். கி.மு. 597-ல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா சொன்னது அதற்கு முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியாவோ அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்கும் சொல்லிவிடுகிறார். அட்டை அச்சடிப்பவர்கள் அந்தப் பத்தைத் தாண்டிவிட்டுத்தான் பதினொன்றுக்கு வருகிறார்கள்! கடிதம் வந்தபோது நாற்பது வயதானவர், கி.மு. 538-ல் கோரேசு விடுதலை கொடுத்தபோது உயிரோடிருந்தால் நூறை நெருங்கியிருப்பார். நன்மை பேரப்பிள்ளைகளுக்குத்தான்.

வேதாகமத்தின் புத்தக வரிசையும் நமக்கு உதவாது. விடுதலையைச் சொல்லும் எஸ்றா பதினைந்தாவது, எரேமியா இருபத்துநாலாவது. திரும்பி வந்தவர்களிடம் ஆலயம் கட்டச் சொல்லி கி.மு. 520-ல் பேசிய ஆகாய் முப்பத்தேழாவது. கால வரிசை வேண்டுமானால் 2 இராஜாக்கள் 24, எரேமியா 28, 29, பிறகு எஸ்றா முதல் நாலு அதிகாரம், ஆகாய், எஸ்றா 5, 6 என்று படிக்க வேண்டும். ஒரு சாயங்காலம் போதும்.