வீட்டு விலையில் நூற்றில் ஒரு பங்கு
வாங்குகிறவரே பிடித்துக் கட்ட வேண்டிய வரி

தரமணியில் ஒரு பிளாட். விலை 90 லட்சம் ரூபாய் என்று பேசி முடித்தாகிவிட்டது. வாங்குகிறவர்கள் கணவனும் மனைவியும். கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும் சரிபாதி. ஆளுக்கு 45 லட்சம்.

"50 லட்சத்துக்கு மேல் வாங்கினால்தானே வரி பிடிக்க வேண்டும்? இங்கே ஆளுக்கு 45 லட்சம்தானே? நீங்கள் ஒன்றும் பிடிக்க வேண்டாம்" என்று பக்கத்தில் இருப்பவர் யாராவது சொல்லத்தான் செய்வார்.

2024 செப்டம்பர் வரை இந்தப் பேச்சுக்கு ஓர் ஆதாரம் இருந்தது. இப்போது இல்லை. அதை நம்பிச் சும்மா இருந்தால், பிறகு நோட்டீசு விற்றவருக்கு வராது. வாங்கியவர்களுக்குத்தான் வரும்.

எப்படி வந்தது இந்த வரி?

வீடு, மனை விற்பனையில் பாதி கிரயங்களில் பான் எண்ணே காட்டப்படுவதில்லை என்று 2013 பட்ஜெட்டின்போது நிதி மந்திரி ப.சிதம்பரம் பாராளுமன்றத்தில் சொன்னார். விற்றவர் லாபம் அடைந்தாரா, வரி கட்டினாரா என்று சர்க்காருக்குத் தெரிவதில்லை. ஆகவே, பணம் கொடுக்கிற இடத்திலேயே நூற்றுக்கு 1 ரூபாய் பிடித்துக்கொள்ள ஏற்பாடு ஆயிற்று. 1-6-2013 முதல் அது அமலுக்கு வந்தது.

இது வாங்குகிறவர் மீது போட்ட வரி அல்ல. விற்கிறவர் கட்ட வேண்டிய வரியில் ஒரு பகுதி. அதை வாங்குகிறவர் பிடித்து, விற்கிறவரின் பான் எண்ணில் வரவு வைக்கிறார்.

விலையும், பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பும் இரண்டுமே 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால்தான் விலக்கு. இரண்டில் ஒன்று 50 லட்சத்தைத் தொட்டாலும் வரி உண்டு. எது அதிகமோ அதில் 1 சதவீதம். 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும்.

நான்கு பேர் வாங்கிய சொத்து

ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு ஒரு சொத்து வாங்கினார்கள். ஆளுக்கு 37½ லட்சம். வரி பிடிக்கவில்லை. வருமான வரி அதிகாரி விடவில்லை. வழக்கு டெல்லி வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொருவரும் கொடுத்த தொகையைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், ஆகவே வரி பிடிக்க வேண்டியதில்லை என்றது தீர்ப்பாயம்.

குடும்பங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. சர்க்கார் சட்டத்தையே திருத்திவிட்டது. 1-10-2024 முதல், வாங்குகிறவர்கள் எத்தனை பேரானாலும், விற்கிறவர்கள் எத்தனை பேரானாலும், மொத்தத் தொகையையே பார்க்க வேண்டும். பழைய தீர்ப்பை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தத் திருத்தத்தைப் பார்க்காதவர்கள்.

தரமணி கணக்கு

மேலே சொன்ன பிளாட்டுக்கு வருவோம். கிரயம் 2025-ம் ஆண்டு நடந்ததாக வைத்துக்கொள்ளலாம். விற்கிறவர் ஒருவர். வழிகாட்டி மதிப்பு 90 லட்சத்துக்குக் குறைவு. ஆகவே 90 லட்சத்துக்கே வரி: 90 ஆயிரம் ரூபாய்.

ஜூன் 12-ந் தேதி முன்பணம் 10 லட்சம். அப்போதே 10 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9 லட்சத்து 90 ஆயிரம் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவாகும்போது மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு தவணைக்கும் அப்போதைக்கப்போது பிடிக்க வேண்டும்.

ஆகஸ்டு 20-ந் தேதி மீதி 80 லட்சம். இதில் பாங்கிக் கடன் 60 லட்சம். அதைப் பாங்கியே விற்கிறவருக்குக் கொடுத்துவிடும். ஆனாலும் 80 லட்சம் முழுவதற்கும் வரி பிடிக்கும் பொறுப்பு தம்பதியுடையது. தங்கள் கைப்பணம் 20 லட்சத்தில் 80 ஆயிரத்தை நிறுத்திக்கொண்டு, 19 லட்சத்து 20 ஆயிரம் கொடுத்தால் கணக்குச் சரி. இதைப் பாங்கியிடமும் விற்கிறவரிடமும் முன்கூட்டியே சொல்லி, கிரய ஒப்பந்தத்திலும் எழுதிவிடுவது நல்லது. கடைசி நாளில் சொன்னால், "என்ன தம்பி, பேசின பணத்தில் குறைக்கிறாயே?" என்று பெரியவர் கோபித்துக்கொள்வார்.

பிடித்த பணத்தை, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். ஜூனில் பிடித்ததற்கு ஜூலை 30. ஆகஸ்டில் பிடித்ததற்குச் செப்டம்பர் 30.

எங்கே கட்டுவது?

கம்பெனிகள் வாங்குவது போல் 'டான்' எண் இதற்கு வேண்டாம். பான் எண் போதும். வருமான வரித் துறையின் incometax.gov.in தளத்தில் e-Pay Tax என்ற இடத்துக்குப் போய், சொத்து வாங்கியதற்கான வரிப் படிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது அதன் எண் 26QB. வாங்குகிறவர், விற்கிறவர் பான் எண்கள், சொத்தின் விலாசம், ஒப்பந்தத் தேதி, மொத்த விலை, இந்தத் தவணை, வரி ஆகியவற்றைக் குறித்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். விற்கிறவரின் பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் பணம் வேறொருவர் கணக்கில் போய்ச் சேரும். பிறகு திருத்தலாம், ஆனால் பெரிய அலைச்சல்.

கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே படிவம் போடக் கூடாது. வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும், விற்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இங்கே ஜூன் தவணைக்கு ஆளுக்கு 5 ஆயிரம், ஆகஸ்டு தவணைக்கு ஆளுக்கு 40 ஆயிரம். ஆக 4 படிவங்கள். விற்கிறவர்களும் இருவரானால் 8.

சில நாள் கழித்து TRACES என்ற தளத்தில், வரி பிடித்ததற்கான சான்று (அப்போது 16B) கிடைக்கும். அதை எடுத்து விற்றவரிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு, கட்ட வேண்டிய கடைசி நாளிலிருந்து 15 நாள்.

1-4-2026 முதல் பழைய 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்தது. 194-ஐஏ என்று இருந்த பிரிவு 393-வது பிரிவுக்குள் போயிற்று. படிவ எண்களும் மாறின. 1 சதவீதமும் 50 லட்ச வரம்பும் மாறவில்லை.

தாமதித்தால்

ஆகஸ்டில் பிடித்த 40 ஆயிரத்தை ஒருவர் மறந்துவிட்டு, டிசம்பர் 10-ந் தேதி கட்டுகிறார். 71 நாள் தாமதம். நாளுக்கு 200 ரூபாய் வீதம் கட்டணம் 14,200 ரூபாய். வட்டி மாதத்துக்கு 1½ சதவீதம்; ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை 5 மாதத்துக்கு 3,000 ரூபாய். ஆளுக்கு 17,200. தம்பதி இருவருக்கும் 34,400 ரூபாய்! இந்தத் தாமதக் கட்டணம் வரித் தொகையைத் தாண்டாது. அதுதான் ஒரே ஆறுதல்.

வரி பிடிக்கவே இல்லை, ஆனால் விற்றவர் தன் வரியைக் கட்டிவிட்டார் என்றால், ஆடிட்டர் சான்றிதழ் காட்டி அசல் வரியிலிருந்து தப்பலாம். வட்டி தப்பாது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நினைப்பதும் சரியல்ல. வரி கட்டிய சான்று இருந்தால்தான் பத்திரம் பதிவாகும் என்று 2012-ல் ஒரு யோசனை வந்தது. அது கைவிடப்பட்டது. 2013 சட்டத்தில் அந்தத் தடை இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறு. விற்கிறவர் பான் எண்ணை ஆதாருடன் இணைக்காமல் இருந்தால் அது செயலற்றுப் போய்விடும். அப்போது 1 சதவீதம் அல்ல, 20 சதவீதம் பிடிக்க வேண்டும்! 90 ஆயிரம், 18 லட்சமாகிவிடும். இது தெரியாமல் 1 சதவீதம் பிடித்த பலருக்கு, மீதி 19 சதவீதம் கேட்டு நோட்டீசு போயிற்று. 2024-லும் 2025-லும் நேரடி வரிகள் மத்திய வாரியம் சலுகை காட்டியது. ஆனால் குறித்த கெடுவுக்குள் விற்றவர் ஆதாரை இணைத்தால்தான் அதுவும் செல்லும். வீடு கைமாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது எளிதா? முன்பணம் கொடுக்கும் முன்பே, வருமான வரித் தளத்தில் Link Aadhaar Status என்ற இடத்தில் அவரையே பார்க்கச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

விற்கிறவர் வெளிநாட்டிலேயே குடியிருப்பவரானால், இந்த 1 சதவீதக் கணக்கு எதுவும் பொருந்தாது. 50 லட்ச வரம்பும் கிடையாது. சதவீதம் அதிகம், படிவம் வேறு. அப்படிப்பட்ட கிரயத்தில் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.