“வட்டி இல்லை” என்றால் செலவு இல்லை என்று அர்த்தமா?



போன் வாங்கினாலும் உடுப்பு வாங்கினாலும் இப்போது நம் ஊரில் “மூன்று தவணை, வட்டி இல்லை” என்ற பேச்சுத்தான். வட்டிக்குப் பயந்து கிரெடிட் கார்டைத் தொடாத நாம், கோகோ, மின்ட்பே போன்ற செயலிகளில் அந்தச் சொல் இல்லை என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறோம். பெயரை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு போனின் காசு விலை 24,000 ரூபாய். தவணைக்கு என்றால் கடைக்காரர் 25,200 சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலிக்குத் தான் கொடுக்க வேண்டிய கமிஷனை அவர் நம் தலையில் போடுகிறார். “5 வீதம்தானே” என்று நினைக்கிறோம். ஆனால் முதல் தவணை 8,400ஐ அன்றே கட்டிவிடுகிறோம். எனவே நமக்குக் கிடைத்த கடன் 15,600 மட்டுமே. அதையும் இரண்டே மாதத்தில், இரண்டு தடவையாகத் திருப்பிக் கொடுக்கிறோம். இந்தச் சின்னக் கடனுக்கு 1,200 ரூபாய் என்றால் மாதத்துக்கு சுமார் 5 வீதம், வருடத்துக்கு 60 வீதம்!

அதே போனை காசு விலைக்கே கார்டில் 12 மாதத் தவணையாக எடுத்து, வங்கி ஒரே தடவையாக 4 வீதம், அதாவது 960 ரூபாய், கட்டணம் எடுத்தாலும் வருடக் கணக்கில் அது 8 வீதத்துக்கும் குறைவு. மாதம் 2,000 ரூபாய்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது தாமதக் கட்டணம். தவணை நாள் நாம் வாங்கிய நாளை வைத்து வரும், சம்பள நாளைப் பார்த்து வராது. 20ஆம் திகதிக்குப் பிறகு சம்பளம் எடுக்கும் நாம் 15ஆம் திகதி வாங்கினால், அடுத்த தவணை வரும்போது கணக்கில் காசு இருக்காது. டெபிட் கார்டில் வெட்ட முடியாமல் போகும். தாமதத்துக்கு 500 ரூபாய் என்றால், 8,400 ரூபாயை ஒரு கிழமை பிந்திக் கட்டியதற்கு 6 வீதம் போய்விட்டது. இதற்கு வேறு பெயர் வைத்துவிட்டால் நம் பையிலிருந்து போன காசு திரும்பி வருமா? மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்போம். கணக்கை நாமே போடலாம்.

கார்டும் புனிதமானதல்ல. மாதப் பில்லை முழுதாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வெளிப்படையாகவே வட்டி ஏறும். சில கடைகள் கார்டுக்கும் மேலதிகமாகக் கேட்கும். அப்படியானால் அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பில்லை முழுதாகக் கட்ட முடியாதவருக்கு இரண்டுமே வேண்டாம்.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது “எத்தனை தவணை?” என்றல்ல, “காசுக்கு எவ்வளவு?” என்றுதான். இரண்டு விலைக்கும் வித்தியாசம் இருந்தால் அதுதான் கடனின் விலை. வித்தியாசமே இல்லை, தவணை நாளும் சம்பளத்துக்குப் பிறகுதான் வருகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் சேர்த்து, காசு கொடுத்து வாங்குவோம். அந்த 1,200 ரூபாய் நம் வீட்டிலேயே இருக்கட்டும்.