தேக்கரண்டி ஓர் அளவன்று

குழந்தைகளின் மருந்துப் புட்டியில் 'ஒரு தேக்கரண்டி' என்று அச்சிடுவோரிடம் ஒரு கேள்வி: யார் வீட்டுத் தேக்கரண்டி?

மருந்துக் கணக்கில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மி.லி.; அரைத் தேக்கரண்டி 2.5 மி.லி. அடுக்களைக் கரண்டி இக்கணக்கிற்கு வார்க்கப்பட்டதன்று. அதன் குழி ஒன்றில் ஆழம், மற்றொன்றில் தட்டை. எதுவரை ஊற்றினால் 'நிறைவு' என்பதற்கு அதில் கோடும் இல்லை. 2010இல் வெளியான கிரேக்க ஆய்வொன்றில், வீடுகளில் திரட்டிய தேக்கரண்டிகளின் கொள்ளளவு 2.5 முதல் 7.3 மி.லி. வரை வேறுபட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒருவேளைக்கு 100 முதல் 150 மி.கி. வரை தரலாம். 5 மி.லி.யில் 120 மி.கி. கொண்ட மருந்தில் 5 மி.லி. கொடுத்தால் அளவு சரி. மேற்சொன்ன சிறிய கரண்டியில் 60 மி.கி. மட்டுமே சேரும், காய்ச்சல் தணியாது, மருந்தின்மீது பழி விழும். பெரிய கரண்டியிலோ 175 மி.கி.; ஒவ்வொரு வேளையும் வரம்பு மீறும்.

'பாமரருக்கு மில்லிலிட்டர் புரியாது' என்பது வாதமன்று, சாக்கு. அவர்கள் நாள்தோறும் 500 மி.லி. பால் உறை வாங்குகிறார்கள்.

ஐயமிருந்தால், ஊசியில்லாப் பீச்சுக்குழலில் 5 மி.லி. நீர் எடுத்து உங்கள் கரண்டியில் ஊற்றிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்: புட்டியில் மி.லி. மட்டுமே இருக்கட்டும்; கோடிட்ட அளவுக்குழலும் உடன் வரட்டும்.